மருந்தா, காத்திருப்பா? சாகாஸ் நோயில் ஒரே வீட்டுக்குள் வெவ்வேறு முடிவுகள்

பொலிவியாவின் கோச்சபாம்பா பள்ளத்தாக்கில் ஒரு மண்வீடு என்று வைத்துக்கொள்வோம். அங்கே பிறந்து வளர்ந்த மகளுக்கு இப்போது 34 வயது, எடை 60 கிலோ. கல்யாணமாகி நகரத்தில் இருக்கிறார். 8 வயதில் ஒரு பையன் உண்டு. இன்னொரு குழந்தையும் வேண்டும் என்று நினைக்கிறார். ஏதோ காரணத்துக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில், பூச்சியால் பரவி இதயத்தைக் கெடுக்கக்கூடிய சாகாஸ் தொற்று இருப்பது தெரிந்துவிட்டது. வேறு முறையில் செய்த இரண்டாவது பரிசோதனையும் அதையே சொல்கிறது. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை, இசிஜியும் சரியாக இருக்கிறது. இன்னமும் அந்தப் பழைய வீட்டிலேயே இருக்கும் அவருடைய அம்மாவுக்கு வயது 58. மேட்டில் ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. ஒருமுறை மயங்கியும் விழுந்திருக்கிறார்.

இந்தக் குடும்பம் நான் உதாரணத்துக்காகச் சேர்த்தது. ஆனால் இப்படிப்பட்ட வீடுகள் அந்தப் பகுதியில் ஏராளம். மகள் மருந்து சாப்பிடலாமா, எந்த மருந்தை, எத்தனை நாள்? அல்லது வருஷத்துக்கு ஒரு இசிஜி எடுத்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? மகளுக்குக் கொடுக்கும் மருந்தை அம்மாவுக்கும் கொடுக்கலாமா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மகளுக்கு மருந்து வேண்டும், அம்மாவுக்கு அது வேண்டாம். ஒரே கிருமிதான், ஒரே வீட்டில்தான் வந்தது. ஆனாலும் ஏன் இப்படி என்பது புரிய, தொற்று எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தத் தொற்றைப் பரப்புவது, பொலிவியாவில் வின்ச்சுக்கா என்று சொல்லும் பூச்சி, ட்ரையடோமா இன்ஃபெஸ்டன்ஸ். பகலில் சுவர் வெடிப்பிலும் கூரை ஓலையிலும் ஒளிந்திருக்கும். இரவில் இறங்கி வந்து, தூங்குகிறவரின் முகத்திலோ கையிலோ வலிக்காமல் ரத்தம் உறிஞ்சும். கொசு கடித்து மலேரியா வருவதுபோல இதன் கடியில் கிருமி இல்லை. சாகாஸ் கிருமியான ட்ரிபனோசோமா குரூஸி எச்சிலில் கிடையாது. அது பூச்சியின் குடலின் கடைசிப் பகுதியில் வளர்ந்து, எச்சத்தோடு வெளியே வருகிறது. வயிறு புடைக்கக் குடித்த பூச்சி, அந்த இடத்திலேயே எச்சமிட்டுவிடும். கடித்த இடம் அரிக்கும்; தூக்கத்திலேயே சொறிவோம். ஈர எச்சம் கடிவாய்க்குள்ளோ, தேய்த்த கண்ணுக்குள்ளோ போய்விட்டால் கிருமி உள்ளே நுழைந்துவிடும். 1909-இல் பிரேசிலின் லாசான்சில் இந்த நோயைக் கண்டுபிடித்த கார்லோஸ் சாகாஸே கடியில்தான் கிருமி பரவுகிறது என்று முதலில் நினைத்தார். எச்சத்தின் வழியாகத்தான் என்பதைக் காட்டியவர் பிரெஞ்சு ஆய்வாளர் எமில் பிரும்ப்.

இந்த வழி மிகவும் திறமையற்றது. தொற்றுள்ள பூச்சியே கடித்தாலும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிகளில் ஒன்றுதான் தொற்றாக முடிகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ரத்தம் குடித்து நெடுநேரம் கழித்து, ஆளை விட்டு விலகிப் போய் எச்சமிடும் வகைகளும் இந்தப் பூச்சிக் குடும்பத்தில் உண்டு. அவற்றால் மனிதருக்கு நோய் வருவது அரிது. நம்மூரிலும் இக்குடும்பத்தைச் சேர்ந்த ட்ரையடோமா ரூப்ரோஃபாசியாட்டா எலிகள் புழங்கும் இடங்களில் இருக்கிறது. ஆனால் ட்ரிபனோசோமா குரூஸி இங்கே இல்லை என்பதால், அதைப் பார்த்து சாகாஸ் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

ஆக, மகளுக்குத் தொற்று வந்தது ஏதோ ஓர் இரவின் துரதிர்ஷ்டம் அல்ல. அந்த வீட்டில் சிறுவயது முழுக்க ஒவ்வோர் இரவும் கடிபட்டதன் விளைவு அது. முடிவெடுப்பதில் முதல் படி இதிலிருந்துதான் வருகிறது: தொற்றுள்ளவர் மறுபடி அதே மாதிரி வீட்டில் படுக்கப்போகிறார் என்றால், 60 நாள் மருந்து கொடுத்துக் கிருமியை ஒழித்தாலும் அது திரும்ப வரலாம். பூச்சிமருந்து அடித்து, வெடிப்புகளைப் பூசி, கூரையை மாற்றிய பிறகுதான் மருந்துப் பேச்சு. இந்த வேலையை நாடு முழுக்க விடாமல் செய்ததால்தான் 1997-இல் உருகுவேயும் 1999-இல் சிலியும் 2006-இல் பிரேசிலும் இந்தப் பூச்சியின் வழியான பரவலை நிறுத்தியதாகச் சான்று பெற்றன. பொலிவியாவின் சில பகுதிகளிலும் அர்ஜென்டினாவின் வடக்கிலும் டெல்டாமெத்ரின் என்ற பூச்சிமருந்துக்கே அசையாத பூச்சிகள் உருவாகிவிட்டன. அங்கே அடித்த சில மாதங்களுக்குப் பிறகு வீட்டைத் திரும்பப் பார்க்காமல் விட்டால் அடித்ததே வீண். நம் உதாரணத்தில் மகள் நகரத்தில் பூசிய சுவர் வீட்டில் இருக்கிறார். அந்தக் கவலை அவருக்கு இல்லை.

இப்போது இதயம். தொற்றின் முதல் சில வாரங்களில் கிருமி ரத்தத்தில் நிறைய இருக்கும். காய்ச்சலோ, ஒரு பக்கக் கண் இமை வீக்கமோ வரலாம். பெரும்பாலோருக்கு எதுவும் தெரியாமலே அந்தக் கட்டம் கடந்துவிடும். அதற்குப் பிறகு ரத்தத்தில் கிருமி மிகக் குறைந்து, தசைகளுக்குள் தங்கிவிடுகிறது. 10, 20, 30 வருஷம் ஒன்றும் நடக்காது. தொற்றுள்ளவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்குத்தான் இதயம் கெடுகிறது. இதயத்தசை செல்களுக்குள் அங்கங்கே கிருமி பெருகி வெடிக்க, உடம்பின் எதிர்ப்பு அங்கே அழற்சியை உண்டாக்க, செத்த தசையின் இடத்தில் தழும்பு படிகிறது. அந்தத் தழும்பு இதயத்தின் மின்கடத்திப் பாதையை முதலில் அறுக்கிறது. அதனால் எக்ஸ்-ரேயில் இதயம் சாதாரணமாகத் தெரியும்போதே இசிஜியில் வலது மின்கடத்திக் கிளையில் தடை, அதாவது ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக், வந்திருக்கும். பெரும்பாலும் அதோடு இடது முன்கிளையிலும் தடை சேர்ந்திருக்கும். பிறகு இதயத்தின் நுனி மெலிந்து பலூன்போல் புடைக்கிறது, அங்கே ரத்தம் உறைகிறது, துடிப்பு தாறுமாறாகிறது. சிலருக்கு முதல் அறிகுறியே திடீர் மரணமாக இருக்கும். மற்றவர்களுக்கு இதயச் செயலிழப்பு, பக்கவாதம்.

மகளுக்கு முன்னால் இருக்கும் முதல் வழி, ஒன்றும் செய்யாமல் வருஷத்துக்கு ஒரு இசிஜி எடுத்துக் காத்திருப்பது. இதை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. சாகாஸ் முதன்முதலில் இந்தக் கிருமியைக் கண்டது பெரெனிசே என்ற 2 வயதுச் சிறுமியின் ரத்தத்தில். அந்தச் சிறுமி வளர்ந்து, 1981-இல் தன் 73-ஆம் வயதில்தான் இறந்தார். இடையில் அவர் ரத்தத்திலிருந்து 1962-இலும் 1978-இலும் கிருமியைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க உடம்பில் கிருமி இருந்தும் அவருக்குச் சாகாஸ் இதயநோய் வரவில்லை. பத்தில் ஏழு பேருக்கு வரப்போகாத நோய்க்காக எல்லோரையும் 60 நாள் கஷ்டப்படுத்துவானேன் என்று கேட்கும் மருத்துவர்களின் வாதத்தில் அர்த்தம் இருக்கிறது.

1990-கள் வரைக்கும் அந்த வாதத்துக்கு இன்னொரு பலமும் இருந்தது. நாள்பட்ட நோயில் இதயத்தைக் கெடுப்பது கிருமி அல்ல, குழம்பிப்போன எதிர்ப்புச் சக்திதான் என்று பலர் நம்பினார்கள். கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் பரிசோதனை வந்த பிறகு, கெட்டுப்போன இதயத் தசையில் அது கிடைத்தது. கிருமி அங்கேயே இருந்துகொண்டு அழற்சியை ஓட்டுகிறது என்றால், அதை முன்கூட்டியே ஒழிப்பதில் நியாயம் இருக்கிறது.

காத்திருப்பதில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது ஒன்று. இசிஜி மாறும் நாளுக்காகத்தான் காத்திருக்கிறோம்; ஆனால் இசிஜி மாறுவது தழும்பு விழுந்த பிறகு. தழும்பைக் கரைக்கும் மருந்து கிடையாது. இசிஜி சரியாக உள்ளவர்களில் ஆண்டுக்கு 100 பேரில் சுமார் 2 பேர் இதயநோய்க் கட்டத்துக்குள் போகிறார்கள். ஒரு வருஷத்துக்கு என்று பார்த்தால் சின்ன எண்தான். 34 வயதுக்காரருக்கு முன்னால் இருப்பதோ இன்னும் 40 வருஷம். அந்த 2 பேர் யார் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடிய பரிசோதனை எதுவும் இல்லை.

அடுத்த வழி, கிருமியைக் கொல்லும் பென்ஸ்னிடசோல் மருந்து. கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் நம் 60 கிலோப் பெண்ணுக்கு நாளுக்கு 300 மில்லிகிராம் வருகிறது. 100 மில்லிகிராம் மாத்திரையில் காலை ஒன்றரை, இரவு ஒன்றரை, சாப்பாட்டுக்குப் பிறகு. 60 நாளைக்கு 180 மாத்திரை. தொடங்குமுன் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும், முடியும்வரை கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மதுவைத் தொடக்கூடாது. ரத்த அணுக்களும் ஈரலும் தொடக்கத்தில் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்கப்படும்.

இந்த மருந்தின் தொல்லைகள் ஓர் ஒழுங்கில் வருகின்றன, அதைத் தெரிந்து வைத்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். முதல் ஒரு வாரம் பெரிதாக ஒன்றும் இராது. பத்தாம் நாளை ஒட்டி உடம்பெல்லாம் சிவந்த தடிப்பும் அரிப்பும் வரலாம். தோலோடு நின்றால் அரிப்பு மாத்திரை கொடுத்தோ, அளவைச் சில நாள் குறைத்தோ சமாளித்துவிடலாம். காய்ச்சல், நெறிகட்டுதல், வாயிலும் கண்ணிலும் புண் என்று சேர்ந்து வந்தால் அன்றே நிறுத்த வேண்டும். பிறகு திரும்பத் தொடங்கக் கூடாது. அடுத்த சில வாரங்களில் வெள்ளணு குறையலாம். தொண்டைவலியோடு காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனைக்கு ஓடவேண்டிய காலம் இது. கடைசி வாரங்களில் பாதத்தில் மதமதப்பும் எரிச்சலும் வரலாம். இது சேர்ந்துபோன மொத்த மருந்தின் விளைவு. நிறுத்தினால் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் சரியாகும். பெரியவர்களில் கணிசமானோர் 60 நாளை முடிக்காமல் விடுவது இந்தத் தொல்லைகளால்தான். சிறு பிள்ளைகள் இதே மருந்தை நன்றாகத் தாங்குகிறார்கள்.

பலன் என்ன? இங்கேதான் நேர்மையாகப் பேச வேண்டியிருக்கிறது. இசிஜி சரியாக உள்ள பெரியவர்களுக்கு மருந்து கொடுத்தால் பிற்காலத்தில் இதயநோய் குறையும் என்று, குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய பெரிய ஆய்வு எதுவும் நிரூபிக்கவில்லை. அப்படி ஒன்றை நடத்த 20 வருஷமாவது பின்தொடர வேண்டும். கையில் இருப்பதில் கனமானது, அர்ஜென்டினாவில் வியோட்டி குழு 2006-இல் வெளியிட்டது. 30 முதல் 50 வயதுவரை, இதயச் செயலிழப்பு இல்லாத 566 பேர். அதில் சரிபாதி, 283 பேருக்கு 30 நாள் பென்ஸ்னிடசோல். சுமார் 10 வருஷம் கழித்துப் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் 14 சதவீதம் பேருக்கும் நோய் முற்றியிருந்தது. முறையான குலுக்கல் இல்லாததால் இந்த வித்தியாசத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்பது தெரிகிறது.

இந்தப் பெண்ணின் விஷயத்தில் எனக்குத் தயக்கத்தைப் போக்குவது இதயக் கணக்கு அல்ல, அவர் பெற விரும்பும் குழந்தை. தொற்றுள்ள தாய்க்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 5 குழந்தைகளுக்கு வயிற்றிலேயே தொற்றிவிடுகிறது. கர்ப்பத்துக்கு முன்னால் மருந்து முடித்த பெண்களை அர்ஜென்டினாவில் பின்தொடர்ந்தபோது அவர்களுடைய குழந்தைகளிடம் தொற்று காணப்படவில்லை. கர்ப்பமான பிறகோ மருந்து கொடுக்க முடியாது. ஆகவே அவருக்கு இது இன்றைக்கே செய்யவேண்டிய காரியம். இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம் என்று தள்ளினால் வாய்ப்பு கைநழுவிவிடலாம்.

நிஃபர்டிமாக்ஸ் மூன்றாவது வழி. கிலோவுக்கு 8 முதல் 10 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. 120 மில்லிகிராம் மாத்திரையில் வேளைக்கு ஒன்றரை என்றால் நாளுக்கு 540 மில்லிகிராம். 60 நாளில் 270 மாத்திரை ஆகிறது. கிருமியைக் கொல்வதில் பென்ஸ்னிடசோலுக்குப் பெரிதாகக் குறைந்ததல்ல. தொல்லைதான் வேறு மாதிரி: பசி அற்றுப்போகும், குமட்டும், எடை இறங்கும், தூக்கம் கெடும், எரிச்சலும் மனச்சோர்வும் வரும். தோல் தடிப்பு ஒரு நோயாளியைப் பயமுறுத்தும். பசியின்மையும் தூக்கமின்மையும் சேர்ந்தால் ஆளையே சாய்த்துவிடும். வேலைக்குப் போய்க்கொண்டு பிள்ளையையும் பார்க்கிற பெண்ணுக்கு நான் முதலில் பென்ஸ்னிடசோலைத்தான் சொல்வேன். அதில் கடும் ஒவ்வாமை வந்து நிறுத்த நேர்ந்தால் நிஃபர்டிமாக்ஸ். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வாரம் ஒருமுறை எடை பார்த்துக்கொண்டு போகலாம்.

60 நாள் உண்மையிலேயே தேவையா என்ற கேள்விக்கு, பொலிவியாவில் 210 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியான பெண்டிட்டா ஆய்வு ஒரு பதில் சொல்கிறது. நாளுக்கு 300 மில்லிகிராம் பென்ஸ்னிடசோலை 2 வாரம் மட்டும் எடுத்தவர்களிலும் பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்துக்குப் பிறகும் பிசிஆரில் கிருமி தெரியவில்லை. 8 வாரம் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை. எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் பிசிஆர் பாசிட்டிவ் என்றால் கிருமி இருக்கிறது என்று சொல்லலாமே தவிர, நெகட்டிவ் என்றால் இல்லை என்று சொல்ல முடியாது. 2014-இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஆய்வில் போசகோனசோல் என்ற மருந்தைச் சாப்பிட்டபோது பிசிஆர் நெகட்டிவாக இருந்தது; நிறுத்திய சில மாதங்களில் பெரும்பாலோருக்குக் கிருமி திரும்பத் தலைகாட்டியது. எனவே இப்போதைக்கு 60 நாளைக் குறியாக வைத்துத் தொடங்கலாம். பெண்டிட்டா தரும் பயன் வேறு: 25-ஆம் நாளில் தொல்லை தாங்காமல் நிறுத்த நேர்ந்த பெண்ணிடம், பட்டதெல்லாம் வீணாகவில்லை என்று ஆதாரத்தோடு சொல்ல முடிகிறது.

மருந்து முடிந்ததும் எல்லோரும் கேட்பது, குணமாகிவிட்டதா என்பது. பெரியவர்களுக்கு இதற்கு உடனடிப் பதில் கிடையாது. ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் மறைய 10, 20 வருஷம் ஆகலாம். அதுவரை சாதாரணப் பரிசோதனை பாசிட்டிவ் என்றே காட்டும். அதைப் பார்த்துவிட்டு விவரம் தெரியாத வேறொரு மருத்துவர் மறுபடியும் 60 நாள் மருந்து எழுதுவதும் நடக்கக்கூடியதுதான். மருந்து முடித்ததற்கான தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். வருஷாந்திர இசிஜியையும் விடக்கூடாது. மருந்து ஆபத்தைக் குறைக்கிறது, துடைத்து எடுப்பதில்லை.

இனி அம்மா. இசிஜியில் ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக்கும் அடிக்கடி தப்பும் துடிப்புகளும் இருக்கின்றன. எகோவில் இதயத்தின் நுனி புடைத்திருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளுவது, நிரம்பிய ரத்தத்தில் 38 சதவீதம்தான். மகளைப் பார்த்துவிட்டு, எனக்கும் அந்த மாத்திரையைக் கொடுங்கள் என்று அவர் கேட்பது இயல்பு. இவருக்கான பதில் நன்றாகவே சோதிக்கப்பட்டிருக்கிறது. 2015-இல் வெளியான பெனிஃபிட் ஆய்வில், ஏற்கெனவே சாகாஸ் இதயநோய் வந்த 2,854 பேரைக் குலுக்கலில் பிரித்து, பாதிப் பேருக்குப் பென்ஸ்னிடசோலும் பாதிப் பேருக்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களில் ரத்தத்தில் கிருமி குறைந்தது உண்மை. ஆனால் 5 வருஷத்துக்குச் சற்று மேல் பின்தொடர்ந்ததில் மரணம், இதயச் செயலிழப்பு, பக்கவாதம் முதலியவை சேர்ந்த கணக்கு 27.5 சதவீதம், எடுக்காதவர்களில் 29.1 சதவீதம். அந்த வித்தியாசத்தைப் பலன் என்று சொல்ல முடியாது.

அம்மாவுக்கு 60 நாள் மாத்திரை கொடுத்தால் தடிப்பும் மதமதப்பும் கிடைக்கும், இதயம் அப்படியேதான் இருக்கும். அதைவிட மோசமான விளைவு, வைத்தியம் நடக்கிறது என்ற நிம்மதியில் உண்மையில் தேவையானது தள்ளிப்போவது. அவர் மயங்கி விழுந்தாரே, அதுதான் அவசரம். 24 மணிநேரமும் இசிஜி பதியும் ஹோல்ட்டர் கருவியை மாட்டிப் பார்க்க வேண்டும். துடிப்பு நின்று நின்று போகிறது என்றால் பேஸ்மேக்கர். ஆபத்தான வேகத் துடிப்பு ஓடுகிறது என்றால் அமியோடரோன் மருந்து, வசதி இருந்தால் மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்ய உள்ளே பொருத்தும் டிஃபிப்ரிலேட்டர். புடைத்த நுனியில் ரத்தக்கட்டி தெரிந்தால் உறைவைத் தடுக்கும் மருந்து. இல்லாவிட்டால் அது மூளைக்குப் போய்ப் பக்கவாதம் ஆகும். மற்ற இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் அதே மாத்திரைகள் இதற்கும் உண்டு. அவருடைய வாழ்நாளை நீட்டக்கூடியவை இவைதான், செலவழிக்கும் பணமும் அலைச்சலும் இவற்றுக்கே போகட்டும். வீட்டுச் சுவருக்குப் பூச்சிமருந்து அடிப்பதையும் விடக்கூடாது. அங்கே தூங்க வரும் பேரப்பிள்ளைகளுக்காக.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சங்கடமான இடம் இருக்கிறது. மகளுக்கு 38 வயதில் ஓர் அண்ணன் இருந்து, அவருக்கும் தொற்று இருந்து, இசிஜியில் ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக் மட்டும், எகோ சுத்தம், மூச்சு வாங்கல் இல்லை என்றால்? தழும்பு தொடங்கிவிட்டது, ஆனால் பெரும்பகுதித் தசை இன்னும் நன்றாக இருக்கிறது. பெனிஃபிட் ஆய்வின் முடிவை இவர்மேல் வைப்பதா, வியோட்டியின் முடிவை வைப்பதா என்பதில் மருத்துவர்கள் ஒத்துப்போவதில்லை. பொதுவாக 50 வயதுக்குள், இதயநோய் முற்றாதவர்களுக்கு மருந்து கொடுக்கலாம் என்றும், 50-க்கு மேல் தொல்லையும் பலனும் பேசி நோயாளியோடு சேர்ந்து முடிவெடுக்கலாம் என்றும் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அண்ணனிடம் நான் இரண்டு ஆய்வையும் அப்படியே எடுத்துச் சொல்வேன். ஈரல் நன்றாக இருந்து, இரண்டு மாதம் மதுவை விட அவர் தயார் என்றால், கொடுக்கும் பக்கம்தான் சாய்வேன்.

8 வயதுப் பையனை இன்னும் யாரும் பரிசோதிக்கவில்லை. அவன் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்குத் தொற்று இருந்தது. விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கும் போய் வந்திருக்கிறான். அவனுக்குப் பாசிட்டிவ் என்று வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை, உடனே மருந்துதான். பிரேசிலில் பள்ளிப்பிள்ளைகளுக்குப் பென்ஸ்னிடசோல் கொடுத்து 1996-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வருஷத்துக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களின் எதிர்ப்பொருள் பரிசோதனையே நெகட்டிவாக மாறியது. குணமாகிவிட்டதா என்ற கேள்விக்கு அம்மாவுக்கும் மாமாவுக்கும் கிடைக்காத பதில் இந்தப் பையனுக்குக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. மகள் தன் முதல் மாத்திரையை வாங்கப் போகும் அன்றே அவனையும் கூட்டிப்போய் ரத்தம் கொடுக்க வைக்க வேண்டும்.